வேலை விளம்பரத்தின் வரிகளுக்கு நடுவே...



இறுதியாண்டு வந்துவிட்டால் நம் வேங்கிக்காலில் மாணவர்களின் பேச்சே மாறிப்போகும். டீக்கடையில் சினிமாக் கதை பேசியவனெல்லாம், "டேய், அந்த ஜாவா வேலைக்கு அப்ளை பண்ணிட்டியா?" என்று கேட்க ஆரம்பிப்பான். செல்போனில் விளம்பரம் வந்து விழும். சம்பளம் எவ்வளவு, ஊர் எது, அனுபவம் கேட்கிறார்களா என்ற மூன்றை மட்டும் பார்ப்போம். நடுவில் பத்துப் பதினைந்து பெயர்கள் வரிசையாக இருக்குமே, அதைப் பார்த்து, "இதுல எனக்கு நாலு தெரியும்" என்று எண்ணிவிட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிடுவோம்.

அந்தப் பெயர்ப் பட்டியல் உங்களைச் சோதிப்பதற்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. அந்த அலுவலகத்துக்குள் இன்று என்ன ஓடுகிறது, எது உடைந்து கிடக்கிறது, யார் விட்டுவிட்டுப் போனார்கள் என்பதையெல்லாம் அவர்களே தெரியாமல் சொல்லிவிடும் இடம் அதுதான். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்தச் சோற்றை எப்படி நசுக்கிப் பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு மாதிரி விளம்பரம்

பாடத்துக்காக நானே ஒரு விளம்பரத்தை எழுதிக்கொள்கிறேன். எந்த நிறுவனத்தையும் குறிப்பதல்ல. ஆனால் இதைப் போன்றவற்றை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள்.

"சென்னையில் பணி. டிப்ளமோ முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். பி.எச்.பி. 5.6, மைஎஸ்க்யூஎல், ஜேக்வெரி, ஆங்குலர்ஜேஎஸ் தெரிந்திருக்க வேண்டும். ரியாக்ட் தெரிந்தால் நலம். ஃபைல்ஜில்லா, சிபேனல் பழக்கம் தேவை. நெருக்கடியில் வேலை செய்யக்கூடியவராக இருக்க வேண்டும். உடனே சேருபவர்களுக்கு முன்னுரிமை. இரண்டு வருட ஒப்பந்தம்."

சாதாரணமாகத்தான் இருக்கிறது, இல்லையா? இதை ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்ப்போம்.

எண் என்பது ஒரு தேதி

முதலில் கண்ணில் பட வேண்டியது 5.6 என்ற எண். பதிப்பு எண் என்பது மருந்துப் பாட்டிலில் அச்சடித்த தேதி மாதிரி. எப்போது தயாரானது, எப்போது காலாவதி என்ற இரண்டையும் அதை வைத்துச் சொல்லிவிடலாம். பி.எச்.பி. 5.6 வெளிவந்தது 2014-ல். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31-உடன் நின்றுபோயின. அதற்குப் பிறகு அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், பி.எச்.பி.யை உருவாக்கும் குழு அடைத்துக் கொடுக்காது. ஒப்பிட்டுப் பாருங்கள்: 2023 நவம்பரில் வந்த 8.3-க்கு 2027 டிசம்பர் வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு.

"சரி, பழசுன்னா புதுசுக்கு மாத்திக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. 5.6-க்கு அடுத்து வந்தது 7.0. அதில் ஒரு பெரிய வேலை செய்தார்கள். பழைய நிரல்களில் தரவுத்தளத்தோடு பேசுவதற்குப் பயன்பட்ட ஒரு குடும்பத்தையே தூக்கி எறிந்துவிட்டார்கள். இப்படி எழுதியிருப்பார்கள்:

```
$r = mysql_query("SELECT * FROM bills WHERE id=" . $_GET['id']);
```

இந்த `mysql_query` 7.0-வில் கிடையாது. ஆகவே பழைய நிரலை அப்படியே புதிய சர்வரில் போட்டால் அந்த வரியிலேயே நின்றுவிடும். இந்த மாதிரி வரி இருபது இருந்தால் ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். நானூறு கோப்புகளில் சிதறிக் கிடந்தால்? யாராவது மாதக்கணக்கில் உட்கார்ந்து மாற்ற வேண்டும். மாற்றியதெல்லாம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். முதலாளி அதற்குப் பணமும் நாளும் ஒதுக்கவில்லை என்பதைத்தான் அந்த 5.6 நமக்குச் சொல்கிறது.

அதே வரியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே கேள்விக்குள் ஒட்டியிருக்கிறார்கள். எண்ணுக்குப் பதிலாக யாராவது குறும்பாக வேறு கட்டளையைத் தட்டினால், தரவுத்தளம் அதையும் கேள்வியின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளும். பதிப்பு பழசு என்பது மட்டுமல்ல, அந்தக் காலத்து எழுதும் பழக்கமும் சேர்ந்தே வரும். நீங்கள் அங்கே சேர்ந்தால் உங்கள் கையும் அந்தப் பழக்கத்துக்குத்தான் பழகும்.

பழசெல்லாம் மோசமா?

இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பழசு வேறு, கைவிடப்பட்டது வேறு.

நம் திருவண்ணாமலை ஸ்டேஷனில் முன்பதிவு டிக்கெட் வாங்கியிருப்பீர்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த அமைப்புக்கு 'கன்சர்ட்' என்று பெயர். ரயில்வேயின் கணிப்பொறி நிறுவனமான 'கிரிஸ்' உருவாக்கியது. 1994-ல் செகந்திராபாத்தில் முதலில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் நாடு முழுவதும் அதே அடித்தளத்தில் டிக்கெட் கொடுத்தார்கள். அதை யாரும் நவீனம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைப் பேணுவதற்கென்றே ஆட்கள், பணம், பொறுப்பு எல்லாம் இருந்தன. எனவே அது நிலையானது.

விளம்பரத்தில் 'ஜாவா 8' என்று பார்த்தாலும் இதையே நினைவில் வையுங்கள். ஜாவா 8 வந்தது 2014 மார்ச்சில், பி.எச்.பி. 5.6 பிறந்த அதே ஆண்டு! ஆனால் ஆரக்கிள் நிறுவனம் கட்டணம் செலுத்துவோருக்கு அதன் திருத்தங்களை 2030 டிசம்பர் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஒரே வயதுடைய இரண்டு பேரில் ஒருவருக்கு வைத்தியர் இருக்கிறார், இன்னொருவருக்கு இல்லை. ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ ஜாவா 8 கேட்டால், "மெதுவான இடம், ஆனா கவிழாது" என்று கணக்குப் போடலாம். காலாவதியான பி.எச்.பி. கேட்டால் அந்தக் கணக்கு பொருந்தாது.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். எப்போது வந்தது? இன்னும் யாராவது அதற்குத் திருத்தம் தருகிறார்களா? முதல் கேள்வி நவீனத்தைச் சொல்லும். இரண்டாவதுதான் நிலைத்தன்மையைச் சொல்லும். இரண்டுக்கும் விடை அந்தந்த மென்பொருளின் அதிகாரபூர்வ இணையப் பக்கத்திலேயே கிடைக்கும். ஒரு விளம்பரத்துக்குப் பத்து நிமிஷம் போதும்.

ஒட்டாத ஜோடிகள்

மாதிரி விளம்பரத்தில் திரைப்பக்கத்துக்கு மூன்று பெயர்கள் இருந்தன: ஜேக்வெரி, ஆங்குலர்ஜேஎஸ், ரியாக்ட். ஒரே பக்கத்துக்கு மூன்றும் வேண்டியதில்லை. பிறகு ஏன் மூன்று?

இவற்றை வந்த வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஜேக்வெரி 2006. ஆங்குலர்ஜேஎஸ் 2010. ரியாக்ட் 2013. மண்ணைத் தோண்டினால் அடுக்கடுக்காகத் தெரியுமே, அந்த மாதிரி. முதலில் ஒருவர் ஜேக்வெரியில் எழுதினார். பிறகு வந்தவர் ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு மாற்றத் தொடங்கிப் பாதியில் விட்டார். இப்போது யாரோ ரியாக்ட்டில் ஆரம்பிக்க ஆசைப்படுகிறார். எந்த மாற்றமும் முழுதாக முடியவில்லை; முடிந்திருந்தால் பழைய பெயர் விளம்பரத்திலிருந்து போயிருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். 'ஆங்குலர்ஜேஎஸ்' வேறு, வெறும் 'ஆங்குலர்' வேறு. 2016-ல் வந்த ஆங்குலர் 2 முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது; வளர்ந்துகொண்டிருப்பது அதன் வாரிசுகள்தான். பெயரின் வாலில் 'ஜேஎஸ்' உள்ள பழையதற்கு ஆதரவு 2021 டிசம்பர் 31-உடன் முடிந்தது. விளம்பரம் எழுதுபவர்கள் சில சமயம் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். அதனால் அதைப் பார்த்ததும் ஒதுக்கிவிடாமல், கேட்க வேண்டிய கேள்வியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேரவே முடியாத ஜோடிகளும் உண்டு. 'ஜாவா 8, ஸ்பிரிங் பூட் 3' என்று ஒரே வரியில் பார்த்தால் நில்லுங்கள். ஸ்பிரிங் பூட் 3 ஓடுவதற்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். இரண்டும் ஒரே நிரலில் இருக்க வழியே இல்லை. அப்படியானால் ஒன்று, பழைய நிரலும் புதிய நிரலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன; குழு மாறிக்கொண்டிருக்கிறது. இது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். அல்லது, விளம்பரம் எழுதியவர் நாலு இடத்தில் பார்த்து ஒட்டியிருக்கிறார்.

ஒட்டும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. பைத்தான் மொழியில் 'ஃபாஸ்ட்ஏபிஐ' என்ற கருவியை உருவாக்கியவர் செபாஸ்டியன் ரமீரெஸ். 2020-ல் அவர் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். ஃபாஸ்ட்ஏபிஐயில் நான்கு வருடத்துக்கு மேல் அனுபவம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதை உருவாக்கியே ஒன்றரை வருடம்தான் ஆகிறது, அதனால் நானே விண்ணப்பிக்க முடியாது என்று அவர் எழுதியதைப் பார்த்து உலகமே சிரித்தது! இப்படி வயதை மீறி அனுபவம் கேட்டால், அந்த விளம்பரத்தை வேலை தெரிந்த யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று பொருள். படிக்க நேரமில்லாத குழுவா, படிக்கச் சொல்லாத நிர்வாகமா என்பது நேரில்தான் தெரியும்.

நிரல் எப்படி சர்வருக்குப் போகிறது?

மாதிரி விளம்பரத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த சொல் எது தெரியுமா? 5.6 கூட இல்லை. ஃபைல்ஜில்லாதான்.

ஃபைல்ஜில்லா நல்ல மென்பொருள்தான். கோப்பை ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும். ஆனால் அதைத் தேவையான தகுதியாகப் போட்டுவிட்டு, 'கிட்' என்ற சொல்லையே காணோம் என்றால், நிரலைக் கையால் இழுத்து நேராக ஓடுகிற சர்வரில் போடுகிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் வேலை பார்த்த நம் சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னதைக் கேளுங்கள்.

"பில்லு போடற பக்கத்துல நான் ஒரு திருத்தம் பண்ணேன். அதே நேரத்துல இன்னொருத்தர் அதே ஃபைலைத் திறந்து வெச்சிருந்தாரு. நான் சாயந்திரம் ஆறு மணிக்கு ஏத்தினேன். அவரு ஆறே காலுக்கு அவரோடத ஏத்தினாரு. என்னோடது அழிஞ்சே போச்சுப்பா. மறுநாள் காலையில கஸ்டமர் கத்தறாரு, யாரு பண்ணதுன்னு கேட்டா ரெண்டு பேருக்குமே தெரியல. சர்வருல போய்ப் பார்த்தா பில்-ஓல்டு, பில்-நியூ, பில்-ஃபைனல்-2ன்னு வரிசையா இருக்கு. எது நேத்து ஓடினது? தெரியாது!"

கிட் போன்ற கருவி இருந்தால் இது நடந்திருக்காது. இரண்டாவது ஆள் ஏற்றும்போதே, "உனக்கு முன் ஒருவர் மாற்றியிருக்கிறார், முதலில் அதை எடுத்துச் சேர்த்துக்கொள்" என்று தடுத்திருக்கும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதும் பதிவாகியிருக்கும். நேற்றைய நிலைக்குத் திரும்புவது ஒரே கட்டளை. கிட் வந்தது 2005-ல். அதற்கும் ஐந்து வருடம் முன்பே, 2000-த்தில், ஜோயல் ஸ்பால்ஸ்கி என்ற அமெரிக்க மென்பொருளாளர் ஒரு குழுவை எடைபோடப் பன்னிரண்டு கேள்விகள் எழுதினார். அதில் முதல் கேள்வியே, மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி வைத்திருக்கிறீர்களா என்பதுதான். அன்றைக்கே அது அடிப்படை!

கிட்டுக்குப் பதில் 'எஸ்.வி.என்.' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அதுவும் அதே வேலையைச் செய்யும் மூத்த கருவி. பழசு, ஆனால் ஒழுங்கு இருக்கிறது.

இப்போது "நெருக்கடியில் வேலை செய்யக்கூடியவர்" என்ற வரியைத் திரும்பப் படியுங்கள். தனியாகப் படித்தால் வழக்கமான அலங்காரம். ஃபைல்ஜில்லாவோடு சேர்த்துப் படித்தால், அந்த நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா?

எல்லாமே புதுசாக இருந்தால்?

எதிர்ப்பக்கமும் ஒரு குழி இருக்கிறது. ஐந்தே பேர் கொண்ட புதுக் கம்பெனி; விளம்பரத்தில் குபர்நெட்டிஸ், காஃப்கா, மைக்ரோசர்வீஸ், மூன்று வகைத் தரவுத்தளம், இரண்டு கணிப்பொறி மொழி. படிக்கவே கம்பீரமாக இருக்கும். ஆனால் குபர்நெட்டிஸ் என்பது நிறைய சர்வர்களில் நிறைய நிரல்களை ஓட்டுவோரின் தலைவலிக்காக கூகுள் 2014-ல் வெளியிட்ட கருவி. அதைப் பேணவே ஒரு ஆள் தனியாக வேண்டும். ஐந்து பேர் அதைச் சுமந்தால், பொருளை எப்போது எழுதுவார்கள்?

இது நவீனம்தான். நிலையானதா என்பதுதான் கேள்வி. அந்தக் கருவிகளைத் தேர்ந்தெடுத்த ஒருவர் வேலையை விட்டுப் போனால், மீதி நாலு பேர் திகைத்து நிற்பார்கள். பட்டியல் எவ்வளவு நீளம் என்பதை, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். "பி.எச்.பி. 8.3, லாராவெல், போஸ்ட்கிரெஸ், கிட், ஒவ்வொரு மாற்றத்தையும் இன்னொருவர் படித்துப் பார்ப்பார்" என்று ஒரு சின்ன கம்பெனி ஐந்தே விஷயம் எழுதியிருந்தால் நான் அங்கேதான் முதலில் விண்ணப்பிப்பேன். மொழி ஒன்று, தரவுத்தளம் ஒன்று, பதிப்பு எண் உயிரோடு இருக்கிறது, வேலை செய்யும் முறையையும் சொல்லிவிட்டார்கள்.

நேரில் கேட்க மூன்று கேள்விகள்

விளம்பரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அதை எழுதுவது பெரும்பாலும் மனிதவளத் துறை. போன வருடத்து விளம்பரத்தையே எடுத்து மறுபடி போட்டிருப்பார்கள். கிட் என்று எழுதாததற்கு, "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்ற நினைப்பும் காரணமாக இருக்கலாம். பெரிய நிறுவனங்களில் விளம்பரம் ஒரு குழுவைப் பற்றியதாகவே இருக்காது. சேர்ந்த பிறகுதான் எந்தக் குழு என்று தெரியும். விளம்பரம் தருவது சந்தேகம்தான். அதைத் தீர்த்துக்கொள்ளும் இடம் இண்டர்வியூ. கடைசியில், "எதாவது கேக்கணுமா?" என்பார்கள். நாம் வழக்கமாக, "ஒண்ணும் இல்ல சார்" என்று எழுந்துவிடுவோம். இனிமேல் பணிவாக இந்த மூன்றைக் கேளுங்கள்.

ஒன்று: "சார், இப்போ சர்வர்ல எந்த பதிப்பு ஓடுது? அடுத்ததுக்கு மாத்தற திட்டம் இருக்குங்களா?" நல்ல குழுவின் பதிலில் ஒரு எண்ணும், ஒரு கஷ்டமும் இருக்கும். "5.6 தான்ப்பா, பாதி மாத்திட்டோம், பில்லிங் பகுதி மட்டும் இழுக்குது" என்றால் அது உயிருள்ள பதில். "எல்லாம் லேட்டஸ்ட்தான்" என்று எண்ணே சொல்லாமல் முடித்தால் சந்தேகம் அப்படியே நிற்கிறது.

இரண்டு: "நான் ஒரு வரி மாத்தினா, அது கஸ்டமர் கிட்ட போய்ச் சேர வரைக்கும் என்னென்ன படிங்க சார்?" படிகள் வரிசையாக வர வேண்டும்: பதிவு, இன்னொருவர் பார்வை, சோதனை சர்வர், பிறகு உண்மையான சர்வர். "நீங்களே ஏத்திடலாம்" என்றால், சீனியர் அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று: "இது புது இடமா சார், இல்ல யாராவது போனதால வந்த இடமா?" போனதால் என்றால் தவறில்லை. அவர் எத்தனை மாதம் இருந்தார் என்பது முக்கியம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே விளம்பரம் திரும்பி வருவதை நீங்களே கவனித்திருந்தால், இந்தக் கேள்விக்கு வரும் பதிலை அதோடு ஒத்துப் பார்க்கலாம்.

கடைசி வரி

மாதிரி விளம்பரத்தின் கடைசி வரியை வேண்டுமென்றே இதுவரை தொடவில்லை: "இரண்டு வருட ஒப்பந்தம்."

நல்ல குழுவில் இரண்டு வருடம் என்பது படிப்பு மாதிரி. காலாவதியான பி.எச்.பி., பாதியில் நின்ற ஆங்குலர்ஜேஎஸ், கையால் ஏற்றும் சர்வர் உள்ள இடத்தில் அந்த இரண்டு வருடம் முடிந்து வெளியே வரும்போது, உங்கள் கையில் இருக்கும் அனுபவத்தை அடுத்த கம்பெனி கேட்காது. பட்டியலின் முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தோடு அசல் மதிப்பெண் பட்டியலையும் கேட்டால், அங்கே பதிப்பு எண்ணைக்கூட ஆராய வேண்டியதில்லை. நகல் மட்டும் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் எழுந்து வாருங்கள்.

ஆனாலும் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் அப்பாவின் கடனும் தங்கையின் படிப்பும் காத்திருக்கும்போது, கிடைத்த வேலையை விட எல்லோராலும் முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஒரு பழைய பி.எச்.பி. இடத்தில் சேர்ந்தார். சேரும் முன்பே நிலைமையைப் புரிந்துகொண்டதால், அங்கே இருந்த பழைய `mysql_query` வரிகளைப் புதிய முறைக்கு மாற்றும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த இண்டர்வியூவில் அவரிடம் அரை மணி நேரம் கேட்டது அதைப் பற்றி மட்டும்தான்.

அவரும் அதே விளம்பரத்துக்குத்தான் விண்ணப்பித்தார், நம்மைப் போலவே. அனுப்பும் முன் ஒரு தடவை மெதுவாகப் படித்தார், அவ்வளவுதான்.